அப்பாவுக்கு 70 வயது: 8.2.2026 ஞாயிறு மதிய விருந்துக்கு வாங்க, வெறுங்கையோடு

அன்புள்ள மாமாக்கள், அத்தைகள், சித்தப்பா, சித்தி, பெரியம்மா, அண்ணன்மார், மதினிமார், அப்பாவோடு மின்வாரியத்தில் வேலை பார்த்த சார்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தை மாதக் கடைசி ஞாயிறு, பிப்ரவரி 8-ஆம் தேதி அப்பாவுக்கு 70 வயது நிறைகிறது. மதுரை கே.கே. நகர் வீட்டு மொட்டை மாடியில், பந்தல் போட்டு, மதியச் சாப்பாடு. காலை பதினோரு மணிக்கு அப்பாவும் அம்மாவும் மாலை மாற்றிக்கொள்வார்கள், பெரியவர்கள் ஆசீர்வாதம் செய்வார்கள், மற்றவர்கள் ஆசீர்வாதம் வாங்கிக்கொள்ளலாம், பன்னிரண்டரைக்கு முதல் பந்தி. ஹோமம் எதுவும் இல்லை. புகையில் உட்கார வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தம்பியும் நானும் சேர்ந்துதான் அழைக்கிறோம். நீங்கள் கட்டாயம் வர வேண்டும். கூடவே இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் ஒருவருக்கு ஒரு மாதிரி, இன்னொருவருக்கு வேறு மாதிரி போய்ச் சேரும் என்பதால் எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறேன்.

முதலாவது, பரிசு, மொய், சீர் எதுவும் கொண்டுவர வேண்டாம். இது மரியாதைக்குச் சொல்வது இல்லை, அப்பா அழுத்தமாகச் சொன்னது. பதினான்கு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். தம்பி பெங்களூரில், நான் கோயம்புத்தூரில். அந்த நாட்களில் அவரைக் காரில் கூட்டிப்போய், முடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டவர்கள் நீங்கள்தான். போன ஆகஸ்டில் அம்மா தன் சிறுநீரகத்தைக் கொடுத்தபோது ஒரே நாளில் இரண்டு பேரும் படுக்கையில் இருந்தார்கள், மூன்று வாரம் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை, ஆனால் ஒரு வேளைகூட நாங்கள் கடையில் வாங்கிச் சாப்பிடவில்லை. தேனி அத்தை ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்து என் கையில் திணித்த பணத்தை எண்ணிப் பார்க்கக்கூட எனக்கு மனசு வரவில்லை. "செய்ய வேண்டியதை எல்லாம் அவங்க செஞ்சு முடிச்சிட்டாங்க, மறுபடியும் அவங்ககிட்ட கை நீட்டி வாங்க மாட்டேன்" என்கிறார் அப்பா. அதனால் வாசலில் மொய் மேசை கிடையாது, நோட்டும் கிடையாது.

உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு அப்பா எழுதிய மொய்யைத் திருப்பிச் செய்ய இதுதான் சமயம் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். அந்தக் கணக்கு எங்கேயும் போகாது, தம்பி கல்யாணம் வரும்போது தாராளமாகச் செய்யுங்கள், வாங்கிக்கொள்கிறோம். அம்மாவின் அண்ணன் தம்பிகளான இரண்டு மாமாக்களும் வேட்டி சேலை எடுக்காமல் எப்படி வருவது என்று வருத்தப்படுவீர்கள் என்று தெரியும், அம்மாவிடம் பேசிவிட்டேன். நீங்கள் இரண்டு மாலை வாங்கி வாருங்கள், அவர்கள் மாற்றிக்கொள்ளும் மாலை உங்கள் கையால் வரட்டும். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் மாமா. பழத்தட்டு, ஸ்வீட் பாக்ஸ் கூட வேண்டாம். அப்பா சாப்பிடுவது இப்போது அளந்துதான், சில பழங்கள் மாத்திரைக்கு ஆகாது (பம்பளிமாஸ் தொடவே கூடாது), ஆசையாக வாங்கி வந்ததை அவர் ஒதுக்கி வைத்தால் உங்களுக்கும் கஷ்டம், அவருக்கும் கஷ்டம்.

இரண்டாவது விஷயத்தை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இந்த ஒரு நாள் மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும்.

மாற்றி வைத்த சிறுநீரகத்தை உடம்பு அந்நியப் பொருளாக நினைத்து எதிர்க்காமல் இருக்க, அப்பாவுக்கு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை தினமும் இரண்டு வேளை கொடுக்கிறோம். ஒரு வேளை கூடத் தவறக் கூடாது. அதனால் நமக்கு இரண்டு நாளில் போகிற சளி அவரை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோகும். பள்ளிக்கூடம், பால்வாடி போகிற பிள்ளைகளுக்கு மாறி மாறிச் சளி காய்ச்சல் வந்துகொண்டே இருக்கிறது, அது பிள்ளைகள் தப்பும் இல்லை, உங்கள் தப்பும் இல்லை. வெயில் ஏறத் தொடங்கும் சமயம் வேறு, அம்மை போடும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்னாலேயே அது பரவத் தொடங்கிவிடும் என்பதால், நன்றாக விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளைதானே என்று நம்பியும் விட முடியாது. முதல் ஒரு வருடம் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளைத் தூரமாக உட்கார வைக்கலாமே என்று தோன்றும். வந்தால் தாத்தா என்று ஓடிப்போய் மடியில் ஏறத்தான் செய்வார்கள், அப்பாவும் தூக்காமல் இருக்க மாட்டார்.

என் மகளுக்கு நாலு வயது. அவளும் அன்றைக்கு இருக்க மாட்டாள், கோயம்புத்தூரில் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருகிறேன். தாத்தா பிறந்தநாளுக்குப் பேத்தி இல்லையா என்று அம்மா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை, அப்புறம் அவர்களே சரி என்று சொல்லிவிட்டார்கள். சொந்தப் பேத்திக்கு ஒன்று, உங்கள் பிள்ளைக்கு ஒன்று என்று நாங்கள் பார்க்கவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கைக்குழந்தை வைத்திருக்கிற திண்டுக்கல் தங்கச்சிக்கும், விட்டுவிட்டு வர ஆள் இல்லாத மற்றவர்களுக்கும்: அடுத்த தெருவில் சித்தி வீட்டு மாடியைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டில் வேலை பார்க்கும் அக்காவும் சித்தியின் பெரிய பெண்ணும் காலை பத்து முதல் மாலை நாலு வரை அங்கே பிள்ளைகளோடு இருப்பார்கள், சாப்பாடு இங்கிருந்து போய்விடும், பால் கொடுக்க வேண்டுமானால் இரண்டு நிமிடத்தில் போய் வந்துவிடலாம். எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதுவும் சரிப்படாது என்றால் நீங்கள் வராததை நாங்கள் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டோம். பதினோரு மணிக்கு வீடியோ கால் போடுகிறேன், பிள்ளைகளோடு அதில் வாருங்கள், அப்பா ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

வரும் ஆகஸ்டில் ஒரு வருடம் முடிகிறது. டாக்டர் சரி என்று சொன்னதும் பிள்ளைகளுக்காகவே ஒரு நாள் வைக்கப்போகிறோம். ராஜாஜி பூங்காவில் ஒரு சாயங்காலம், தாத்தா செலவில் ஜிகர்தண்டா. அப்பா இப்போதே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

பெரியவர்களுக்கும் ஒன்று. அன்றைக்கு லேசாகத் தொண்டை கரகரத்தாலும், யாருக்காவது வீட்டில் காய்ச்சல் இருந்தாலும் தயவுசெய்து வராதீர்கள், ஒரு போன் போதும். மாடிப்படி அடியில் கை கழுவத் தண்ணீரும் சோப்பும், பக்கத்தில் மாஸ்க்கும் வைத்திருப்போம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். கை கொடுப்பதற்குப் பதில் கும்பிட்டுக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து வருபவர்கள் சனி இரவு பாண்டியனில் ஏறினால் விடியற்காலை மதுரை. தம்பி ஸ்டேஷனுக்கு வந்துவிடுவான், குளித்துத் தயாராகச் சித்தி வீட்டுக் கீழ்ப்பகுதியில் இடம் இருக்கிறது. பஸ்ஸில் வருபவர்கள் மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோ பிடித்தால் பக்கம்தான்.

அறுபது இலைக்குத்தான் சமையல் சொல்லியிருக்கிறோம். யார் யார் வருகிறீர்கள் என்று ஜனவரி 25 ஞாயிற்றுக்குள் இந்த நம்பருக்கே பதில் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் விஷயத்தில் ஏதாவது மனசில் பட்டால் குரூப்பில் எழுதாமல் எனக்கு நேராகப் போன் பண்ணுங்கள், எந்த நேரமானாலும் எடுக்கிறேன்.

அன்புடன்,
மூத்தவள், தம்பியோடு சேர்ந்து