ஆய்வக வெப்பநிலை லூப்பை ட்யூன் செய்யும் இறுதியாண்டு புராஜெக்ட்: உங்கள் ஒப்புதல் கேட்டு

வணக்கம் சார்,

இறுதியாண்டு புராஜெக்டுக்கு நான் எடுக்க நினைப்பது நம் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருக்கும் அந்தத் தண்ணீர்த் தொட்டியைத்தான். 5 லிட்டர் தண்ணீர், 1 கிலோவாட் ஹீட்டர், ஒரு கலக்கி, ஒரு ஆர்.டி.டி. சென்சார், அவ்வளவுதான். அதன் வெப்பநிலை லூப்பை நன்றாக ட்யூன் செய்து, ஒரு ட்யூனிங் ஏன் நல்லது, இன்னொன்று ஏன் மோசம் என்பதை அளந்து காட்ட வேண்டும். நீங்கள் வழிகாட்டியாக இருக்க ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்டுத்தான் எழுதுகிறேன்.

இது பழைய விஷயம், இதில் என்ன புதுசு என்று நீங்கள் கேட்கலாம். மூன்றாம் ஆண்டு லேபில் இதே தொட்டிக்கு ரியாக்‌ஷன் கர்வ் முறையில் மதிப்புகள் கண்டுபிடித்துப் போட்டோம், செட்பாயிண்ட் 60 டிகிரி கொடுத்தோம், 64 வரை ஏறிவிட்டு மெதுவாக இறங்கியது. எல்லோரும் அந்த வரைபடத்தை ரெக்கார்டு நோட்டில் ஒட்டி "ஓவர்ஷூட் 4 டிகிரி" என்று எழுதினோம். ஏன் 4 என்று நான் கேட்கவில்லை, அது இன்றுவரை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

போன மாதம் லேப் உதவியாளர் அனுமதியோடு இரண்டு நாள் தொட்டியோடு உட்கார்ந்தேன். ஹீட்டரை 20 சதவீதத்தில் நிலைக்க விட்டு, 30-க்கு ஏற்றினேன். மறுபடி நிலைக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெப்பநிலை 9 டிகிரி ஏறியது, ஆகவே கெயின் ஒரு சதவீதத்துக்கு 0.9 டிகிரி. நேர மாறிலி சுமார் 1880 வினாடி, டெட் டைம் சுமார் 40 வினாடி. 5 கிலோ தண்ணீரின் வெப்ப ஏற்புத்திறனை வைத்துக் கணக்குப் போட்டாலும் கிட்டத்தட்ட இதே எண் வருகிறது, அதனால் இந்த அளவீட்டை நம்புகிறேன்.

இந்த எண்களை 1942-இல் ஜீக்லரும் நிக்கல்ஸும் கொடுத்த சூத்திரத்தில் போட்டால் பி.ஐ.டி.க்கு Kc சுமார் 63, Ti 80 வினாடி, Td 20 வினாடி. அதாவது பிழை வெறும் 1.6 டிகிரி இருந்தாலே ஹீட்டர் முழு வீச்சுக்குப் போய்விடும். அப்புறம் டெரிவேட்டிவ்: நம் மீட்டர் 0.1 டிகிரி படியில்தான் காட்டுகிறது, வினாடிக்கு ஒருமுறை வாசித்தால் ஒரே ஒரு படி மாறும்போது 63 × 20 × 0.1, கிட்டத்தட்ட 126 சதவீதம் வெளியீடு குதிக்கும். தண்ணீரில் எதுவுமே நடக்காதபோது ஹீட்டர் அணைந்து அணைந்து எரியும். அந்தச் சூத்திரத்தைக் குறை சொல்லவில்லை, அவர்கள் ஒவ்வொரு அலையும் முந்தையதில் கால் பங்காகக் குறைந்தால் போதும் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். நமக்கு அது போதாது என்பதுதான் விஷயம்.

அந்த 4 டிகிரிக்கு நான் கண்டுபிடித்த காரணம் வேறு. 30-இலிருந்து 60-க்கு முழு வீச்சில் ஏறவே 12 நிமிடத்துக்கு மேல் ஆகிறது, அவ்வளவு நேரமும் இன்டெக்ரல் ஏறிக்கொண்டே போகிறது. நம் புரோகிராமில் அதை 100-இல் மட்டும் தடுத்து வைத்திருக்கிறார்கள். 60-இல் நிறுத்தி வைக்க 33 சதவீதம் போதும், ஆனால் தண்ணீர் 60-ஐத் தொடும்போது இன்டெக்ரல் 100-இல் நிற்கிறது. மிச்சம் 67-ஐக் கரைக்க வெப்பநிலை செட்பாயிண்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அதைச் சரிசெய்ய மூன்று வரி போதும்:

```
v = Kc*(r - y) + I
u = min(max(v, 0), 100)
I = I + (Kc/Ti)*(r - y)*dt + (u - v)*dt/Tt
```

இதைச் சரிசெய்யாமல் எந்த ட்யூனிங் முறையையும் இன்னொன்றோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் நாம் பார்ப்பது ட்யூனிங்கின் குணமா, இன்டெக்ரலின் குணமா என்று பிரிக்க முடியாது.

சரி, புராஜெக்டின் உண்மையான கேள்விக்கு வருகிறேன். இந்தத் தொட்டியைச் சூடாக்க முடியும், குளிர்விக்க முடியாது. 60 டிகிரியில் ஹீட்டர் முழுதாக எரிந்தால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1.9 டிகிரி ஏறும், அணைத்தால் 0.95 டிகிரிதான் இறங்கும். 40-இல் இந்த இடைவெளி இன்னும் மோசம், ஏற்றம் 2.5, இறக்கம் 0.3. அதாவது ஒரே லூப், ஆனால் 40-இல் ஒருமுறை தாண்டிவிட்டால் திரும்பி வருவது மிக மெதுவாக. 60-இல் நன்றாக இருக்கும் ட்யூனிங் 40-இலும் நன்றாக இருக்குமா, இல்லையென்றால் எதை மாற்ற வேண்டும் என்பதைத்தான் பார்க்க விரும்புகிறேன்.

மூன்று முறைகளை எடுக்கிறேன். மேலே சொன்ன ரியாக்‌ஷன் கர்வ், ஓஸ்ட்ராமும் ஹாக்லண்டும் 1984-இல் சொன்ன ரிலே முறை, ஸ்கோகெஸ்டாட் 2003-இல் கொடுத்த எளிய விதி. ரிலே முறைமேல்தான் எனக்கு ஆசை அதிகம். 33 சதவீதத்தைச் சுற்றி மேலும் கீழும் 20 என்று ஹீட்டரைத் தட்டிவிட்டால் என் கணக்கில் 0.4 டிகிரி வீச்சில், மூன்று நிமிடத்துக்கும் குறைவான அலை வர வேண்டும். இரண்டு மணி நேர வேலை பத்து நிமிடத்தில் முடியும். ஆனால் 0.1 டிகிரி மீட்டரை வைத்து 0.4-ஐ அளக்க முடியாது, அதனால் 0.01 டிகிரி வரை படிக்கும் ஏ.டி.சி. மாட்யூல் ஒன்று தேவைப்படும். 40-இல் நிலைக்க 11 சதவீதமே போதும் என்பதால் அங்கே கீழே இறங்க இடமில்லை, மேலும் கீழும் 10 என்றுதான் தட்ட முடியும்.

ஸ்கோகெஸ்டாட் விதியில் விரும்பிய வேகத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். டெட் டைம் அளவுக்கே வேகம் கேட்டால் Kc 26, Ti 320 வினாடி. மூன்று மடங்கு மெதுவாகக் கேட்டால் Kc 13, Ti 640. இரண்டையும் பரிசோதிப்பேன்.

செட்பாயிண்டை மாற்றிப் பார்ப்பது மட்டும் போதாது சார். தொட்டியிலிருந்து 250 மில்லி எடுத்துவிட்டு, அறை வெப்பநிலையில் உள்ள 250 மில்லியை ஊற்றினால் 60-இல் 1.5 டிகிரி சரியும், 40-இல் அரை டிகிரி. ஒவ்வொரு முறையும் அளந்து ஊற்றலாம் என்பதால் இதுதான் நேர்மையான சோதனை. பிழையின் மொத்தப் பரப்பு, அதிகபட்சச் சரிவு, அதோடு ஹீட்டர் வெளியீடு எவ்வளவு அலைகிறது, இந்த மூன்றையும் பதிவு செய்வேன். மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை, ஆனால் ஹீட்டரை அலைய விட்டுத்தான் முதல் இரண்டும் அழகாக வந்தன என்றால் அது நல்ல ட்யூனிங் இல்லை.

எனக்குத் தேவைப்படுவது: எட்டு சனிக்கிழமைகள் முழு நாளும் ஆய்வகம், ஏனென்றால் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் தண்ணீர் ஆற வேண்டும். எஸ்.எஸ்.ஆர். கெட்டுப் போனால் பெரும்பாலும் அணையாமல் எரிந்தபடியே நின்றுவிடும், அதனால் புரோகிராமைச் சாராமல் 80 டிகிரியில் தானாகத் துண்டிக்கும் ஒரு தெர்மோஸ்டாட்டும் வேண்டும். அது மாட்டாமல் தொட்டியைத் தனியாக விட்டு நகர மாட்டேன்.

ஹீட்டருக்கும் சென்சாருக்கும் நடுவில் இருக்கும் தாமதத்தை இரண்டாவது நேர மாறிலியாக எடுக்க வேண்டுமா, டெட் டைமிலேயே சேர்த்துவிடலாமா என்பதில் மட்டும் உங்கள் கருத்து உடனே வேண்டும். நான் டெட் டைமில் சேர்த்துத்தான் மேலே எல்லாவற்றையும் கணக்குப் போட்டிருக்கிறேன், அது தப்பென்றால் ஸ்கோகெஸ்டாட் எண்கள் மாறும். புதன்கிழமை மதியம் லேப் முடிந்ததும் அந்த இரண்டு நாள் பதிவுகளோடு உங்கள் அறைக்கு வரலாமா சார்?

இப்படிக்கு,
உங்கள் மாணவி,
இறுதியாண்டு, கருவியியல் மற்றும் கட்டுப்பாட்டுப் பொறியியல் துறை