புடவைப் படங்கள்: உங்கள் யோசனைக்குப் பதில்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் இரண்டாவது கடை திறப்பதைப் படித்து மகிழ்ந்தேன். தீபாவளிக்கு 40 புடவை, ஒவ்வொன்றுக்கும் மூன்று படம் என்று கேட்டிருந்தீர்கள். "இந்தத் தடவை காசு வேண்டாம் தங்கச்சி, எல்லாப் படத்திலும் உன் பேரைப் போடுகிறேன், 18,000 பேர் பார்ப்பார்கள், அடுத்த வருஷம் மகள் கல்யாணமும் உனக்குத்தான்" என்றும் எழுதியிருந்தீர்கள். நல்ல மனசோடு சொல்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் சம்பளம் இல்லாமல் இந்த வேலையை என்னால் எடுக்க முடியாது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஃபீனிக்ஸில் ஒரு சமையல்காரருக்கு இதே மாதிரி சும்மா எடுத்துக் கொடுத்தேன். சொன்னபடியே என் பேரைப் போட்டார், குறை சொல்ல மாட்டேன். அதைப் பார்த்து மூன்று பேர் கூப்பிட்டார்கள். மூன்று பேருமே கேட்டது, "அவருக்குச் சும்மாதானே செய்தீங்க?" சும்மா செய்பவள் என்ற பேரை மாற்ற எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

அப்புறம், புடவையைப் படம் எடுப்பது வெளியே தெரிகிற அளவு சுலபமில்லை. பெட்டியிலிருந்து எடுத்த பட்டுக்கு மடிப்புத் தழும்பு போகவே ஆவி காட்ட வேண்டும். பொம்மைக்குக் கட்டி, கொசுவத்தை ஒவ்வொன்றாக ஊசி குத்தி நிறுத்த வேண்டும். சரிகை இருக்கிறதே, நேராக வெளிச்சம் பட்டால் வெள்ளைக் கோடாகிவிடும். பக்கவாட்டிலிருந்து துணி மறைப்பு வழியாக விட்டால்தான் பொன்னாகத் தெரியும். மயில்கழுத்து நிறம் இன்னும் மோசம். ஒரு கோணத்தில் நீலம், இன்னொரு கோணத்தில் பச்சை. படத்தில் ஒன்றும் பார்சலில் வேறொன்றுமாக வந்தால் திட்டு வாங்குவது நீங்கள்தான். ஆகவே ஒவ்வொரு புடவையோடும் சாம்பல் நிற அட்டையை வைத்து ஒரு படம் எடுத்து, அதை வைத்து நிறத்தைச் சரி செய்கிறேன். ஒரு புடவைக்கு 20 நிமிஷம் என்று வைத்தாலும் 40க்கு 13 மணி நேரத்துக்கு மேல். கணினியில் திருத்த இன்னும் ஒரு 10 மணி நேரம்.

120 படத்துக்குப் படம் ஒன்று 65 ராண்டு, மொத்தம் 7,800 ராண்டு. பாதி முன்பணம், மீதி படங்களைக் கொடுக்கும்போது. விளக்கு, பொம்மை, போக்குவரத்து எல்லாம் இதிலேயே அடக்கம்.

புதுக் கடைச் செலவு நெருக்குகிறது என்றால் 12 புடவையை மட்டும் இப்போது எடுக்கலாம்: 36 படம், 2,340 ராண்டு, ஒரே நாளில் முடியும். எது அதிகம் விற்கும் என்று உங்களுக்குத் தெரியும், அதைப் பொறுக்கி வையுங்கள். பிறகு தரும் வேலைக்குத் தள்ளுபடி வேண்டுமென்றால் சந்தோஷமாகத் தருகிறேன்: இந்த வேலைக்குப் பணம் வந்து சேர்ந்ததும், அடுத்ததற்கு 10 சதவீதம் குறைப்பேன். முதல் வேலையில் குறைக்க மாட்டேன். பணத்துக்குப் பதில் புடவையாகக் கொடுப்பதென்றாலும் சரி, பாதித் தொகை வரைக்கும் கடை விலையில் எடுத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு அந்த அரக்கு நிறத்தில் ஒரு கண்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பணமோ பணத்துக்கு ஈடானதோ தருவதாக ஒப்புக்கொண்டு எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் உரிமை எடுக்கச் சொன்னவருக்கே. சும்மா எடுத்தால் அந்த உரிமை உங்களுக்குத் தானாக வந்து சேராது. நாளைக்கு அதே படத்தைப் பேனரில் போடவோ வேறு கடைக்குக் கொடுக்கவோ நினைத்தால் என்னைக் கேட்க வேண்டியிருக்கும். பணம் கொடுத்து எடுத்தால் உங்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. என் பேரைப் போடுவது உங்கள் விருப்பம். போட்டால் மகிழ்ச்சி, அதற்காக விலை மாறாது.

மகள் கல்யாணத்துக்கு வாழ்த்துகள். தேதி குறித்ததும் சொல்லுங்கள், கல்யாண விலைப்பட்டியலைத் தனியாக அனுப்புகிறேன். முன்பணம் வந்ததும் அந்த நாளை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

புரட்டாசி சனிக்கிழமைகளில் கோவிலுக்குப் போவதால் படம் எடுக்க முடியாது. அடுத்த வாரம் செவ்வாயும் புதனும் காலியாக இருக்கின்றன. 40 புடவையா 12 புடவையா என்று இந்த வியாழக்கிழமைக்குள் சொன்னால் அந்த நாட்களை உங்களுக்கு வைத்திருக்கிறேன். அதற்கு மேல் ஒரு நகைக்கடை கேட்டுக்கொண்டிருக்கிறது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
செல்வி