உழவு மழை

விளாத்திகுளம் தாண்டிப் போகிற பேருந்தில்
ஜன்னலோரத்து ஆட்கள்
ஒருவர் பின் ஒருவராகக்
கண்ணாடியைத் திறக்கிறார்கள்.
எங்கோ பெய்கிறது.
இங்கே ஒரு துளி இல்லை.
வாசம் மட்டும்
முந்திக்கொண்டு வந்துவிட்டது.

*

இந்த வருஷம் சித்திரையிலும் மழை இல்லை.
புரட்டாசி வரை
வெயில் பிளந்து போட்ட கரிசல்.
வெடிப்புக்குள் கை விட்டால்
முழங்கை வரை போகும்.

*

தண்ணீருக்கு ஏது மணம்?
மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்
ஈரம் வற்றும்போது
தம் வித்துகளை விட்டுப் போகின்றன,
கூடவே இந்த மணத்தையும்.
துளி விழுந்ததும்
புழுதிக்குள் அடைபட்ட காற்று
குமிழாய் மேலேறி உடைகிறது.
உடைந்த குமிழிலிருந்து
மண் நம் மூச்சுக்குள் வருகிறது.

*

எவ்வளவு காய்ந்ததோ
அவ்வளவு மணக்கும்.
நேற்றும் பெய்திருந்தால்
இன்று யாரும்
ஜன்னலைத் திறந்திருக்க மாட்டார்கள்.

*

வடக்கே கன்னோசியில்
சுட்ட மண்ணைச் செப்புப் பானையில் இட்டுக் காய்ச்சி
அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி
அத்தராக்குகிறார்கள்.
அழகான வேலை.
வெளியூரில் பிழைக்கப் போன என் தம்பிக்கு
ஒரு குப்பி வாங்கி அனுப்ப வேண்டும்.

*

வேலிக்கருவை நிழலில் படுத்திருந்த ஆடுகள்
எழுந்து
காற்று வரும் பக்கம் முகம் திருப்புகின்றன.
சித்தி வத்தலை அள்ளுகிறாள்,
அள்ளிக்கொண்டே
மூச்சை இழுத்துப் பிடிக்கிறாள்.
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்
புத்தகப் பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி
நனையவே நடக்கிறார்கள்.

*

அய்யா மட்டும்
காட்டில் நிற்கிறார்.
புழுதி விதைப்பு முடிந்துவிட்டது.
சோளமும் உளுந்தும் மண்ணுக்குள் கிடக்கின்றன.
நாலு துளி விழுந்து
வாசம் கிளப்பிவிட்டுப் போன வருஷங்களை
அவருக்குத் தெரியும்.
அரைகுறை ஈரத்தில் விதை கண் விழிக்கும்.
அடுத்த வாரத்து வெயிலில்
முளை கருகும்.
அப்புறம் கடன் வாங்கி
இன்னொரு விதைப்பு.

ஊரே மூச்சை இழுத்து
'ஆஹா, மண் வாசம்' என்கிறபோது
அவர் குனிந்து
மண்ணில் விரல் விடுகிறார்.
ஈரம் நகக்கண்ணைத் தாண்டவில்லை.

*

சாமி,
இந்த மணம் போதாது.
மணம் போகும் வரை பெய்யணும்.
வெடிப்பு குடித்து முடித்து
வாய் மூடும் வரை பெய்யணும்.
ஓடையில் தண்ணீர் திரும்பி
கண்மாய்ப் பக்கம் போகணும்.
ஓர் உழவு மழை,
அதற்கு மேல் இன்னொரு உழவு மழை.

*

காற்று நின்றது.
பெரிய துளி.
தகரக் கூரையில் ஒரு சத்தம்,
பிறகு எண்ண முடியாத சத்தம்.
தெருப் புழுதி கரைந்து
செருப்பில் அப்புகிறது கரிசல்.
காட்டுப் பாதையில் அய்யா வருகிறார்,
தலைத்துண்டு சொட்டச் சொட்ட,
செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு.
வாசலிலேயே நின்று கேட்கிறார்:
'மண் வாசம் இன்னும் வருதா?'
'இல்லை அய்யா, போயிருச்சு' என்கிறேன்.
வாய்விட்டுச் சிரிக்கிறார்.