பேதுருவின் மறுதலிப்பும் கடவுளின் முன்னறிவும்

சேவல் கூவுமுன் மூன்று முறை நீ என்னை மறுதலிப்பாய் என்று இயேசு தன் சீடர் பேதுருவிடம் சொல்கிறார் (மத்தேயு 26). செத்தாலும் மாட்டேன் என்கிறார் பேதுரு. விடிவதற்குள் சொன்னபடியே நடந்துவிடுகிறது. சரி, கைதான இயேசுவைக் கொண்டுபோன பிரதான ஆசாரியனின் வீட்டு முற்றத்தில் நின்றபோது "ஆமாம், நான் அவரோடு இருந்தவன்தான்" என்று பேதுரு சொல்லியிருக்க முடியுமா? முடியும் என்றால் கடவுளின் அறிவு பொய்த்துப் போகலாம். முடியாது என்றால் அவரைக் குற்றம் சொல்வது எப்படி?

அறிவது வேறு, செய்விப்பது வேறு என்றார் பழங்காலத் திருச்சபையின் இறையியலாளர் அகஸ்டின். உண்மைதான், ஆனால் சிக்கல் அங்கே இல்லை. 1965-இல் தத்துவவாதி நெல்சன் பைக் அதைக் கூர்மையாக்கினார்: கடவுள் நேற்றே அறிந்துவிட்டார், நேற்றை இன்று யாராலும் மாற்ற முடியாது, அவர் அறிவு தவறவும் முடியாது. பிறகு இன்றைய செயலில் எனக்கு மிச்சமிருக்கும் இடம் எது?

மரண தண்டனைக்குக் காத்திருந்த ஆறாம் நூற்றாண்டுச் சிறைக்கைதி போயத்தியஸ், கடவுளுக்கு 'நேற்று' என்பதே கிடையாது என்றார். எல்லாக் காலமும் அவருக்கு ஒரே நிகழ்காலம். அழகான பதில். ஆனால் இயேசுவின் வார்த்தை காலத்துக்குள் சொல்லப்பட்டது, பேதுருவின் காதில் விழுந்தது, அது நேற்றையதாகிவிட்டது. காலம் கடந்த அறிவு மட்டும் மாறக்கூடியதா என்ன?

பதினான்காம் நூற்றாண்டின் தத்துவவாதி ஒக்காம், சில கடந்தகால உண்மைகள் பெயரளவில்தான் கடந்தவை, எதிர்காலத்தைப் பொறுத்தே அவை நிற்கின்றன என்றார். தீர்க்கதரிசனம் இவரையும் இடறவைக்கிறது. அதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது என்று சமாளித்தார். பேதுரு கேட்ட வாக்கியத்தில் எனக்கு நிபந்தனை எதுவும் தெரியவில்லை.

சுதந்திரச் செயல்களின் எதிர்காலம் இன்னும் திறந்தே இருக்கிறது, ஆகவே அதில் அறிய எதுவும் இல்லை என்கிற 'திறந்த இறையியல்' நேர்மையானது. ஆனால் மூன்று முறை என்ற எண்ணிக்கையை அது எப்படி விளக்கும்?

ஸ்பானிய இயேசு சபைத் துறவி மோலினாவின் பதில்தான் (1588) இந்தச் சோதனையில் தேறுகிறது. எந்தச் சூழலில் எந்த மனிதன் சுதந்திரமாக என்ன செய்வான் என்பது, எதையும் படைக்க முடிவெடுக்கும் முன்பே கடவுளுக்குத் தெரியும். இது 'இடைநிலை அறிவு'. இதன்மேல் டொமினிக்கன் துறவிகளும் இயேசு சபையினரும் மோதிக்கொண்டார்கள். 1607-இல் போப் ஐந்தாம் பால் தீர்ப்புச் சொல்லாமலேயே வழக்கை முடித்துவைத்தார். ஆனால் பேதுருவே படைக்கப்படாதபோது "பேதுரு மறுதலிப்பான்" என்பதை உண்மையாக்கியது எது? 1977-இல் தத்துவவாதி ராபர்ட் ஆடம்ஸ் எழுப்பிய இந்தக் கேள்விக்கு நம்பும்படியான பதிலை நான் பார்த்ததில்லை.

அதனால் என் சாய்வு வேறு பக்கம். மாற்று வழி இல்லாதவனும் பொறுப்பாளியாகலாம் என்று 1969-இல் தத்துவவாதி ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் வாதிட்டார். பேதுரு பயந்தார், தன் தோலைக் காப்பாற்ற நினைத்தார், பொய் சொன்னார். வேறு கதவு பூட்டியிருந்ததா என்பது அவருக்குத் தெரியாது. அதைத் தள்ளிப் பார்க்கவும் இல்லை. அந்தச் செயல் அவருடையது என்று சொல்ல இது போதும். அப்புறம், அந்தப் பயத்தையும் சேர்த்து அவரைப் படைத்தவருக்கு அதில் எவ்வளவு பங்கு என்று கேட்டால், முன்னறிவை விட்டுவிட்டுப் படைப்பைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.