முழு ரத்த எண்ணிக்கை அறிக்கை

ரத்தப் பரிசோதனைக்கூடம், பாளையங்கோட்டை

பெயர்: மு. இசக்கி ரித்திக்
வயது: 1 வருடம் 6 மாதம், ஆண்
ஊர்: அம்பாசமுத்திரம் வட்டம்
மாதிரி எடுத்தது: 14.07.2025, காலை 9.20
மாதிரி: கை நரம்பு ரத்தம், ஊதா மூடிக் குழாய், உறைகட்டி இல்லை
மருத்துவர் சீட்டில் உள்ள குறிப்பு: முகமும் உள்ளங்கையும் வெளிறல், சோறு வேண்டாம் என்கிறான், மண் தின்கிறான், ஒரு நாளைக்கு ஐந்தாறு புட்டி பசும்பால். 36 வாரத்தில் பிறந்தவன்.

அளவுகள் (அடைப்புக்குள் இந்த வயதுக்குரியவை)

ஹீமோகுளோபின்: 7.9 கிராம்/டெசிலிட்டர் (10.5–13.5) குறைவு
சிவப்பணுக்கள்: 41.5 லட்சம்/கன மி.மீ. (37–53 லட்சம்)
ஹீமட்டோகிரிட்: 27% (33–39) குறைவு
எம்.சி.வி.: 65.1 ஃபெம்டோலிட்டர் (70–86) குறைவு
எம்.சி.ஹெச்.: 19.0 பிகோகிராம் (23–31) குறைவு
எம்.சி.ஹெச்.சி.: 29.3 கிராம்/டெசிலிட்டர் (30–36) குறைவு
ஆர்.டி.டபிள்யூ.: 20.4% (11.5–14.5) மிக அதிகம்
ரெட்டிகுலோசைட்: 1.2%
வெள்ளணுக்கள்: 9,800/கன மி.மீ. (6,000–17,000)
நியூட்ரோஃபில் 34, லிம்போசைட் 56, ஈசினோஃபில் 7, மோனோசைட் 3 சதவீதம்
தட்டணுக்கள்: 5.12 லட்சம்/கன மி.மீ. (1.5–4.5 லட்சம்) அதிகம்

பெரிஃபெரல் ஸ்மியர்

சிவப்பணுக்கள் பெரும்பாலும் சிறியவை, நடுவில் அகலமாக வெளுத்தவை. இயல்பான அளவுள்ளவையும் இடையிடையே உண்டு. பென்சில் போல நீண்ட அணுக்கள் பல. இலக்கு வட்ட அணுக்கள் மிகச் சில. வெள்ளணுக்களில் முதிராத அணு எதுவும் இல்லை. மலேரியா ஒட்டுண்ணி இல்லை. ரொம்பச் சிறிய சிவப்பணுக்களை எந்திரம் தட்டணு என்று எண்ணிவிடுவது உண்டு என்பதால் ஸ்லைடிலும் பார்த்தேன். தட்டணுக்கள் உண்மையாகவே கூடுதல்தான். இரும்புக் குறைவில் இப்படிக் கூடுவது வழக்கம், தனியாகக் கவலைப்பட வேண்டாம்.

கருத்து

நடுத்தர அளவு ரத்தசோகை. இரும்புச் சத்துக் குறைவையே காட்டுகிறது.

தலசீமியா சிறு வகையிலும் சிவப்பணு சிறுத்துத்தான் இருக்கும். ஆனால் அதில் அணுக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி சிறுத்திருக்கும், எண்ணிக்கையும் கூடுதலாக வரும். இங்கே எண்ணிக்கை கூடவில்லை. பெரிதும் சிறிதுமாக அளவு சிதறிக் கிடப்பதைத்தான் 20.4 என்ற ஆர்.டி.டபிள்யூ. சொல்கிறது. எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால், மில்லியன் கணக்கில் 4.15-ஆல், வகுத்தால் வரும் மென்ட்சர் குறியீடு 15.7. 13-க்கு மேல் என்றால் இரும்புக் குறைவின் பக்கம். குறியீட்டை மட்டும் நம்பி நான் எழுதுவதில்லை. ஸ்மியரும் பால் புட்டிக் கணக்கும் மண் தின்பதும் சேர்ந்துதான் இந்தக் கருத்து. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறவியிலேயே இரும்புச் சேமிப்பும் குறைவு.

மருத்துவரின் கவனத்துக்கு: உறுதிப்படுத்த ஃபெரிட்டின் பார்க்கலாம். காய்ச்சலோ சளியோ இருந்தால் அது பொய்யாக உயர்ந்து இயல்பு போலக் காட்டும் என்பதால், சி.ஆர்.பி.யும் கூடவே வேண்டும். மண் தின்னும் பிள்ளை என்பதால் மலப் பரிசோதனையில் புழு முட்டையும் மறை ரத்தமும் பார்ப்பது நல்லது. ஹீமோகுளோபின் ஹெச்.பி.எல்.சி. இப்போது தேவையில்லை. இரும்புக் குறைவு இருக்கையில் ஹெச்.பி. ஏ2 குறைந்து காட்டி ஏமாற்றும். இரும்பு கொடுத்தும் ஏறவில்லை என்றால் மட்டும் அனுப்புங்கள்.

அறிக்கை வாங்க வந்த தாய் கேட்டதற்கு

இது ரத்தப் புற்றுநோய் இல்லம்மா, ஸ்லைடில் அப்படி ஒன்றும் இல்லை. இரும்பு மருந்தின் அளவைப் பிள்ளையின் எடையைப் பார்த்து டாக்டர் எழுதுவார். அக்கம்பக்கத்தில் மிச்சமிருக்கும் சிரப்பை எடுத்து ஊற்ற வேண்டாம். மருந்தைப் பாலோடு கொடுக்காதீர்கள். காப்பி வேண்டவே வேண்டாம், கருப்பட்டி போட்டதானாலும் சரி. இரும்பு உடம்பில் சேர்வதை அது தடுக்கும். பாலை நாளைக்கு அரை லிட்டருக்குள் நிறுத்தினாலே சோற்றுக்குப் பசி வரும். ஈரல், முட்டை, மீன், பருப்போடு முருங்கைக்கீரை எல்லாம் கொடுக்கலாம், ஆனால் இந்த அளவு குறைந்த பிறகு சாப்பாடு மட்டும் போதாது. மருந்து குடித்தால் மலம் கறுத்துப் போகும், பயப்படாதீர்கள். பாட்டிலைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மூச்சு வாங்கினாலோ, பால்கூடக் குடிக்காமல் துவண்டாலோ தவணைக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மறுபரிசோதனை: மருந்து தொடங்கி 4 வாரத்தில் முழு ரத்த எண்ணிக்கை. ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராம் ஏறியிருக்க வேண்டும். இயல்புக்கு வந்த பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் இரண்டு மூன்று மாதம் மருந்து தொடர வேண்டியிருக்கும். ஆர்.டி.டபிள்யூ. முதல் சில வாரங்களில் இன்னும் கூடினால் அது கெடுதல் இல்லை: புது அணுக்கள் பழையவற்றோடு கலந்து வருவதால் அப்படி.

முடிவு மருத்துவருக்குத் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது: 14.07.2025, பகல் 12.45

ஒப்பம்
நோய்க்குறியியல் மருத்துவர்