படத்தில் இருந்த தளக் கணக்கு: விடையும் பிழை நேர்ந்த இடமும்

தம்பி, நீ அனுப்பிய படம் கிடைத்தது. P என்ற புள்ளியின் கடைசி எண்மேல் நிழல் விழுந்ததால் அது 2-ஆ 7-ஆ என்று முதலில் புரியவில்லை. கீழே நீ AP = (3, −2, 4) என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன்; கோட்டில் நீ எடுத்த புள்ளி A-இன் கடைசி எண் −2, அதனால் P-இன் கடைசி எண் −2 + 4 = 2. ஆகவே கேள்வி இதுதான்:

(i) P(4, 1, 2) என்ற புள்ளி வழியாகவும் (x − 1)/2 = (3 − y)/1 = (z + 2)/3 என்ற கோட்டை உள்ளடக்கியும் அமையும் தளத்தின் சமன்பாடு காண்க. (ii) P வழியாக அத்தளத்திற்குச் செங்குத்தாகச் செல்லும் கோட்டின் சமன்பாடு காண்க.

கோட்டில் உள்ள புள்ளி A(1, 3, −2). இதைச் சரியாக எடுத்திருக்கிறாய். திசையை மட்டும் (2, 1, 3) என்று எழுதிவிட்டாய். நடுப் பின்னத்தில் இருப்பது 3 − y. அதை (y − 3)/(−1) என்று மாற்றிய பிறகுதான் திசை விகிதங்களைப் படிக்க வேண்டும். எனவே b = (2, −1, 3).

தளத்தின் செங்குத்து வெக்டர் b-க்கும் AP-க்கும் செங்குத்தாக இருக்க வேண்டும்:

```
n = b × AP = (2, −1, 3) × (3, −2, 4)
i : (−1)(4) − (3)(−2)  =  2
j : (3)(3) − (2)(4)    =  1
k : (2)(−2) − (−1)(3)  = −1
n = (2, 1, −1)
```

n · b = 4 − 1 − 3 = 0, n · AP = 6 − 2 − 4 = 0. இரண்டும் பூச்சியம். இனி n · (r − a) = 0 என்பதில் இருந்து

2(x − 1) + (y − 3) − (z + 2) = 0

2x + y − z = 7

வெக்டர் வடிவில் r · (2i + j − k) = 7.

உன் விடை 10x + y − 7z = 27. "A, P இரண்டையும் இட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறதே" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாய். உண்மைதான், இரண்டும் அதில் பொருந்துகின்றன. சரிபார்த்த உன் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் A, P வழியாக எண்ணற்ற தளங்கள் செல்லும். திசையை எப்படித் தவறாக எடுத்தாலும் உன் தளம் அந்த இரண்டு புள்ளிகளையும் விட்டு விலகாது. அந்தச் சோதனையால் இந்தப் பிழையைப் பிடிக்கவே முடியாது. கோட்டிலிருந்து இன்னொரு புள்ளி வேண்டும். A-உடன் b-யைக் கூட்டினால் (3, 2, 1). கேள்வியில் உள்ள கோட்டிலேயே இதை இட்டுப் பார்: 2/2 = 1/1 = 3/3, பொருந்துகிறது. நம் தளத்தில் 6 + 2 − 1 = 7. உன் தளத்தில் 30 + 2 − 7 = 25, 27 இல்லை. உன் தளம் கோட்டை A-இல் வெட்டிச் செல்கிறது, அதைத் தன்னுள் கொள்ளவில்லை.

(ii)-ஐ நீ வெறுமையாக விட்டிருக்கிறாய். n கையில் இருப்பதால் அது ஒரே வரி: செங்குத்துக் கோட்டின் திசையே n.

(x − 4)/2 = (y − 1)/1 = (z − 2)/(−1)

வெக்டர் வடிவில் r = (4i + j + 2k) + t(2i + j − k), t ஒரு மெய்யெண்.