புதுப்புளி

மாதையன் கடைக்கு வரும் மெயில்களை மகள் தேன்மொழிதான் பார்ப்பாள். ஜிஎஸ்டி எண் வாங்கியபோது தொடங்கிய முகவரி, புளிப் பையிலும் அச்சடித்திருந்தார்கள். கூகுளில் முதலிடம் பிடித்துத் தருகிறோம், ஜாமீன் இல்லாமல் கடன் தருகிறோம் என்று வருபவைதான் முக்கால்வாசி. பார்த்த கையோடு அழித்துவிடுவாள்.

புரட்டாசியில் ஒரு நாள், "அப்பா, இதக் கேளுங்க" என்று கல்லாப் பக்கம் வந்து வாசித்தாள்.

"ஐயா, வணக்கம். என் பெயர் ரேவதி. கோவையில் வீட்டிலேயே புளிக்காய்ச்சல் செய்து விற்கிறேன். மே மாதம் ஒகேனக்கல் போய்த் திரும்பும்போது, பென்னாகரத்தில் உங்கள் கடையில் இரண்டு கிலோ கொட்டை எடுத்த புளி வாங்கினேன். கரைத்து வடிகட்டியபோது சல்லடையில் நாரே மிஞ்சவில்லை. யாரோ பொறுமையாக உட்கார்ந்து சுத்தம் செய்திருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம். ஆகஸ்டில் மீதிப் புளியை எடுத்தபோது கறுத்திருந்தது. ருசி குறையவில்லை. ஆனால் காய்ச்சலும் கறுப்பாக வந்ததால் வாங்கியவர்களில் இரண்டு பேர் கேட்டார்கள். இது புளியின் குணமா, நான் வைத்த விதத்தில் தப்பா?

எனக்கு மாதம் பத்து கிலோ தேவைப்படும். நீங்கள் கடையில் விற்கும் விலையே போதும், பார்சல் செலவு என்னுடையது. தோதுப்படாவிட்டால், கேள்விக்கு மட்டும் ஒரு வரி எழுதினாலும் சந்தோஷப்படுவேன்."

"அந்த நார் விஷயத்தை இன்னொரு தடவ படி" என்றார் மாதையன்.

மொத்த வியாபாரிகள் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுப்பார்கள், அமுக்கிப் பார்ப்பார்கள், ஈரம் இருக்கிறது என்று விலையைக் குறைப்பார்கள். நார் எடுத்தது யார் கண்ணிலும் பட்டதில்லை. கடைக்குப் பின்னால் கொட்டகையில் மாசியிலிருந்து வைகாசி வரை பச்சையம்மாளும் முனியம்மாளும் சின்னப்பாப்பாவும் குந்தி உட்கார்ந்து புளி தட்டுவார்கள். கொட்டை போனால் போதும் என்று விடாமல் நாரையும் உருவிப் போடும் பழக்கம் பச்சையம்மாளுடையது. அதனால் ஒரு நாளைக்கு ஆகும் எடை குறையும். மாதையன் அதற்காகக் கூலியைக் குறைத்ததில்லை.

"பத்து கிலோதாம்ப்பா" என்றாள் தேன்மொழி.

"பத்து கிலோன்னாலும் கேட்டதுக்குப் பதில் சொல்லணும். எழுது."

அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். 'வருஷம் முழுக்க ஒரே நிறத்தில் தருகிறோம்' என்று அவளாகச் சேர்த்த வரியை மட்டும் எடுக்கச் சொன்னார்.

"அம்மா, வணக்கம். உங்கள் மேல் தப்பில்லை. மாசி, பங்குனியில் மரம் உலுக்கி எடுக்கும் புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும். வெக்கையிலும் ஈரக்காற்றிலும் நாளாக நாளாகக் கறுக்கும். அது கெட்டதில்லை, பழம்புளி. நிறம் நிற்க வேண்டுமானால் காற்றுப் புகாமல் கட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிர்பதனக் கிடங்கில் மூட்டை அடுக்குவதும் இதற்குத்தான். வெளியே வைப்பதானால் கல்லுப்புப் போட்டுப் பிசைந்து பீங்கான் ஜாடியில் வையுங்கள், இரும்பு, அலுமினியம் வேண்டாம். அப்புறம், காய்ச்சலில் அந்த அளவுக்கு உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என்னிடம் இருப்பது போன சீசன் புளி. கறுக்க ஆரம்பித்துவிட்டது. மாதம் பத்து கிலோ என்று இதை உங்கள் தலையில் கட்ட மனம் வரவில்லை. அரை கிலோ அனுப்புகிறேன், பணம் வேண்டாம். ஒரு தடவை காய்ச்சிப் பார்த்து, உங்களிடம் வாங்குகிறவர்கள் ஒத்துக்கொண்டால் மேற்கொண்டு பேசலாம். பங்குனியில் புதுப்புளி வந்ததும் உங்களுக்கு வேண்டியதைத் தனியாகக் கிடங்கில் வைத்து மாதாமாதம் அனுப்ப முடியும். கிடங்கு வாடகையால் விலை கொஞ்சம் கூடும். எத்தனை கிலோ என்று தை மாதத்துக்குள் சொன்னால் போதும். நாங்கள் மரங்களைப் பேசி முடிப்பதற்குள் தெரிந்தால் எனக்குச் சௌகரியம்.

நார் எடுத்தவர் பச்சையம்மாள். கூட இருப்பவர்கள் முனியம்மாள், சின்னப்பாப்பா. நீங்கள் எழுதியதை அவர்களிடம் வாசித்துக் காட்டுகிறோம்."

"அனுப்பிடவா?"

"இரு. வாசிக்கிறோம்னு எழுதிட்டோம் இல்ல? வாசிச்சிட்டு அனுப்பு."

சீசன் இல்லாத நாள் என்பதால் கொட்டகையில் பச்சையம்மாள் மட்டும் சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள். தேன்மொழி மெயிலை முழுசாக வாசித்தாள். நார் வரியில் பச்சையம்மாள் ஊசியை நிறுத்திவிட்டு, "கோயம்புத்தூர்ல இருந்தா எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள். மறுபடி தைக்க ஆரம்பித்தவள், கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "கண்ணு, அவங்க வெந்தயத்தக் கருக வறுக்கிறாங்களான்னு ஒரு வார்த்த கேளு. அதுலயும் காய்ச்சல் கறுக்கும்."

தேன்மொழி அதையும் கடைசியில் சேர்த்து அனுப்பினாள்.